உப்புக்கு ஒரு நீதி, அரிசிக்கு ஒரு நீதியா?

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே பேசின் பிரிட்ஜ் நோக்கிச் செல்பவர்கள், வரியின் பெயரைத் தாங்கிய ஒரு சாலையையும் வரியின் நினைவைத் தாங்கிய ஓர் இடத்தையும் கடந்தாக வேண்டும். சாலையின் பெயர் வால்டாக்ஸ் சாலை. பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்கான செலவை உள்ளே குடியிருந்த மக்களிடமே வரியாக வாங்கிவிட நினைத்தது. அந்த வரி வசூலிக்கப்படவே இல்லை என்கிறது நகரின் வரலாறு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இடத்தின் பெயர் சால்ட் கொட்டார்ஸ். இன்று ரயில்வேயின் சரக்கு முனையமாக அறியப்படும் அது, ஒரு காலத்தில் உப்புக் கிடங்காக இருந்தது. கொட்டாரம் என்றால் களஞ்சியம். எண்ணூர்ப் பக்கத்து அளங்களில் விளைந்த உப்பு, பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி நகருக்குள் வந்த காலம் அது.

வசூலாகாத வரி ஒரு சாலைக்குப் பெயரானது. வசூலான வரியோ ஒரு தேசத்தின் அரசியலையே திருப்பிப்போட்டது. உப்பு வரி ஏன் அவ்வளவு பெரிய அநீதியாகத் தெரிந்தது என்பதைப் புரிந்துகொண்டால், இன்றைய சரக்கு மற்றும் சேவை வரியில் அரிசிக்கும் பருப்புக்கும் தயிருக்கும் நடந்துவரும் இழுபறியும் புரிந்துவிடும்.

உப்பின் கணக்கு

உப்பு வரி, தொகையில் பெரிய வரி அல்ல. 1924-க்குப் பிறகு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒன்றேகால் ரூபாய் என்ற அளவிலேயே அது இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், சட்டமன்றம் மறுத்த பிறகும் வைஸ்ராய் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை இரண்டரை ரூபாயாக உயர்த்தியிருந்தார். எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

சிக்கல் தொகையில் இல்லை. உப்பின் இயல்பில் இருந்தது. பணக்காரர் என்பதற்காக யாரும் பத்து மடங்கு உப்பு தின்பதில்லை. ஆண்டு முழுவதும் வெயிலில் உழைத்து வியர்வை சிந்துபவருக்கு உப்பு சற்றுக் கூடுதலாகவே தேவை. 1930 மார்ச் 2-ஆம் தேதி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி இதைத்தான் சுட்டிக்காட்டினார்: தனித்தனியாகப் பார்த்தாலும், மொத்தமாகப் பார்த்தாலும் பணக்காரரைவிட ஏழைதான் அதிகம் உப்பு உண்டாக வேண்டியிருக்கிறது, ஆகவே இந்த வரியின் சுமை அவர்மீதே அதிகம் விழுகிறது. அடுத்த மாதம் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்தபோது, அவர்கள் கையில் இருந்தது இந்த எளிய கணக்குதான். 1947-இல் இடைக்கால அரசு அந்த வரியை நீக்கியது.

ஒருவருடைய வருமானத்தோடு ஒப்பிடும்போது, ஏழையிடம் பெரிய பங்கையும் செல்வரிடம் சிறிய பங்கையும் எடுக்கும் வரியைப் பொருளியலில் பின்னோக்கு வரி என்பார்கள். உப்பு வரி அதற்கு மிகத் தூய்மையான உதாரணம். ஆனால், எந்த நுகர்வு வரிக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. அதைக் காண ஒரு சிறு கணக்குப் போதும்.

ஒரே விகிதம், இரு வேறு சுமை

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதல் குடும்பத்தின் மாத வருமானம் 20,000 ரூபாய். அது முழுவதும் அந்த மாதத்திலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது குடும்பத்தின் வருமானம் 2 லட்சம் ரூபாய். அதில் 90,000 செலவாகிறது. மீதி சேமிப்பாகவும் முதலீடாகவும் மாறுகிறது. வாங்கும் எல்லாவற்றின் விலையிலும் பத்தில் ஒரு பங்கு வரியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் குடும்பம் செலுத்துவது 2,000 ரூபாய். வருமானத்தில் 10 சதவீதம். இரண்டாவது குடும்பம் செலுத்துவது 9,000 ரூபாய், வருமானத்தில் 4.5 சதவீதம். கடைக்காரர் இருவரிடமும் ஒரே விகிதத்தில்தான் வாங்குகிறார். ஆனால், சேமிக்க முடிந்தவருக்கு வருமானத்தின் பெரும்பகுதி வரியின் கைக்கு எட்டாமல் தப்பிவிடுகிறது. சேமிக்க முடியாதவருக்கு ஒரு ரூபாய்கூடத் தப்புவதில்லை. சேமித்த பணமும் என்றாவது ஒரு நாள் செலவாகும், அப்போது வரி விழும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், தலைமுறை தாண்டிச் செல்லும் சொத்துக்கும் மாதக் கடைசியில் வாங்கும் கைமாற்றுக்கும் உள்ள தூரத்தை அது அளப்பதில்லை.

இந்தச் சுமையைக் குறைக்க உலகெங்கும் கையாளப்படும் எளிய வழி, அடிப்படை உணவுக்கு விலக்கு அளிப்பது. ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் கண்டு சொன்ன ஓர் உண்மையின்மீது அது நிற்கிறது: குடும்பம் எவ்வளவு ஏழ்மையானதோ, அதன் செலவில் உணவின் பங்கு அவ்வளவு அதிகம். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியாவின் கிராமப்புறக் குடும்பங்கள் சராசரியாகத் தம் செலவில் 47 சதவீதத்தை உணவுக்குக் கொடுக்கின்றன; அவற்றைவிடக் கூடுதலாகச் செலவிடும் நகர்ப்புறக் குடும்பங்களில் அது ஏறத்தாழ 40 சதவீதம்.

நம் கணக்கில், முதல் குடும்பம் உணவுக்கு 9,000 ரூபாயும் இரண்டாவது குடும்பம் 18,000 ரூபாயும் செலவிடுவதாகக் கொள்வோம். உணவுக்கு விலக்கு அளித்ததும் முதல் குடும்பத்தின் வரி 1,100 ரூபாயாகவும் (5.5 சதவீதம்), இரண்டாவது குடும்பத்தின் வரி 7,200 ரூபாயாகவும் (3.6 சதவீதம்) குறைகின்றன. பத்துக்கும் நாலரைக்கும் இருந்த இடைவெளி, ஐந்தரைக்கும் மூன்று புள்ளி ஆறுக்குமாகச் சுருங்கிவிடுகிறது. இது சிறிய சாதனை அல்ல.

அதே கணக்கை அரசுக் கருவூலத்தின் பக்கம் நின்று பாருங்கள். விலக்கால் அரசு இழந்தது 2,700 ரூபாய். அதில் ஏழைக் குடும்பத்துக்குச் சென்றது 900. வசதியான குடும்பத்துக்குச் சென்றது 1,800. விகிதத்தில் ஏழைக்கு லாபம். ரூபாயில் வசதி படைத்தவருக்கு லாபம். உணவு விலக்கின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

முத்திரையிலிருந்து மூட்டைக்கு

பொது விற்பனை வரிக்கு இந்தியாவில் முன்னோடி சென்னை மாகாணம்தான். மதுவிலக்கால் இழக்கும் வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939-இல் அதற்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. குடிப்பவரிடமிருந்து வந்த பணத்துக்குப் பதிலாக, வாங்குபவர் எல்லோரிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பணம் வரத் தொடங்கியது. மது வருவாய் பின்னர் திரும்பி வந்தது. விற்பனை வரியும் தங்கிவிட்டது. மதிப்புக் கூட்டு வரியாக மாறி, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியில் அது கலந்தது.

அந்த நாளில் போடப்பட்ட கோடு இதுதான்: பதிவுபெற்ற வணிக முத்திரையோடு பையில் அடைத்து விற்கப்படும் அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு வரி இல்லை. முத்திரை பார்த்து வாங்குபவர் வசதியானவர், முத்திரை இல்லாமல் வாங்குபவர் எளியவர் என்பது அதன் பின்னிருந்த ஊகம். நிறுவனங்கள் என்ன செய்தன? பலர் தங்கள் முத்திரைமீதான உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பையிலேயே அச்சிட்டுவிட்டு, அதே அரிசியை வரியில்லாமல் விற்றனர். முறையாக வரி செலுத்தியவர்கள் முறையிட்டனர்.

எனவே, 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடிய வரி மன்றம் கோட்டை வேறிடத்தில் போட்டது. ஜூலை 18 முதல் முத்திரை முக்கியம் அல்ல. முன்கூட்டியே பொட்டலமிட்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தால் 5 சதவீதம். அரிசி, கோதுமை, பருப்பு, மாவு, ரவை, பொரி, தயிர், மோர் எல்லாம் இதற்குள் வந்தன. எடையளவுச் சட்டத்தின் வரையறையைத் தழுவி, 25 கிலோ வரையுள்ள பொட்டலத்துக்கு மட்டுமே வரி என்றும், கடைக்காரர் மூட்டையைப் பிரித்து வாங்குபவரின் கண்முன் நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை என்றும் விளக்கம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழ்நாட்டின் எந்த அரிசி மண்டியிலும் காணலாம். 25 கிலோ சிப்பத்துக்கு அருகில் 26 கிலோ சிப்பம் வந்து நின்றது. கிலோ 60 ரூபாய் என்றால், 25 கிலோ சிப்பத்தின் விலை 1,500 ரூபாய். வரி 75 ரூபாய். 26 கிலோ சிப்பத்தின் விலை 1,560 ரூபாய். வரி எதுவும் இல்லை. ஒரு கிலோ அரிசி கூடினால், வரியும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய தொகை 15 ரூபாய் குறைகிறது.

இந்த விநோதம் யாருக்கு உதவுகிறது? ஒரே தவணையில் 1,560 ரூபாயை எடுத்து வைக்க முடிந்தவருக்கு. மூட்டையை வைக்க வீட்டில் ஈரம் படாத இடம் உள்ளவருக்கு. பேசின் பிரிட்ஜ் பாலத்தின் இருபுறமும், புளியந்தோப்பிலும் மூலக்கொத்தளத்திலும் ஒற்றை அறை வீட்டில் வாழும் தினக்கூலிக் குடும்பம், கையில் உள்ள காசுக்கு ஒன்றோ இரண்டோ கிலோதான் வாங்குகிறது. தெருமுனைக் கடையில் நிறுத்து வாங்கினால் அதற்கும் வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால், தேதி அச்சிட்டு, கல் நீக்கி, தூசி படாமல் அடைத்த ஒரு கிலோ பையை அந்தக் குடும்பம் விரும்பினால், 60 ரூபாயோடு 3 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 26 கிலோவை மொத்தமாக வாங்குபவருக்குச் சுத்தமான பையும் உண்டு, வரி விலக்கும் உண்டு. ஒரு கிலோ வாங்குபவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சரக்கு மற்றும் சேவை வரிக்கு முன்பே பல மாநிலங்கள் தானியங்கள்மீது வரி வாங்கின. பஞ்சாப் மட்டும் கொள்முதல் வரியாக 2,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அப்போது சுட்டிக்காட்டினார். மாநிலங்களும் அமர்ந்திருந்த மன்றத்தில்தான் முடிவு எடுக்கப்பட்டது. வரி ஏய்ப்பை அடைக்க வேண்டிய தேவையும் இருந்தது. ஆனால், ஓட்டையை அடைத்த விதம், உணவைப் பார்க்காமல் உறையைப் பார்த்தது.

விலக்கு என்பது பூஜ்ஜியம் அல்ல

வரி விலக்கு பெற்ற அரிசியில் வரியே இல்லை என்று நினைப்பது இயல்பு. அது முழு உண்மை அல்ல. இந்த வரியின் உயிர்நாடி உள்ளீட்டு வரிவரவு. ஒரு தொழிலகம் தான் வாங்கிய பொருள்களுக்குச் செலுத்திய வரியை, தான் விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம். விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால், கழிக்கவும் வழி இல்லை.

அரிசி ஆலை ஒன்று இயந்திரம் வாங்குகிறது, உதிரிபாகம் வாங்குகிறது, பிளாஸ்டிக் சாக்கு வாங்குகிறது. அவற்றுக்குச் செலுத்திய வரியை, விலக்குபெற்ற அரிசியை விற்கும்போது ஆலை திரும்பப் பெற முடியாது. அது விலையில் கரைகிறது. அதற்கு முன்னால் உழவர் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் செலுத்திய வரியும் அப்படியே நெல்லின் விலையில் ஏறிவிடுகிறது. லாரியின் டீசலுக்கு மத்திய அரசு விதிக்கும் கலால் வரியும் மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரியும் இந்த வரிவரவு முறைக்கே வெளியில் நிற்பவை. ஆகவே, வரியில்லா அரிசிக்குள் கண்ணுக்குத் தெரியாத வரி கொஞ்சம் இருக்கிறது. ரசீதில் அது தென்படாது.

பிரிட்டன் தன் அடிப்படை உணவுகள் பலவற்றுக்கு வேறு முறையைக் கையாள்கிறது. வரி உண்டு, ஆனால் விகிதம் பூஜ்ஜியம். எனவே முந்தைய கட்டங்களில் செலுத்திய வரியை விற்பவர் திரும்பப் பெறலாம். நம் சட்டத்தில் இந்தச் சலுகை ஏற்றுமதிக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்குச் செல்லும் சரக்குகளுக்கும் மட்டுமே உண்டு. எண்ணூர்த் துறைமுகத்தின் வழியே அயல்நாட்டுக்குக் கப்பலேறும் சரக்கிலிருந்து உள்நாட்டு வரி துடைத்தெடுக்கப்படுகிறது. அந்தத் துறைமுகத்துக்கு அருகில் வாழ்பவரின் தட்டில் விழும் சோற்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு மாதச் செலவு

இப்போது, 20,000 ரூபாய் வருமானம் உள்ள அந்த முதல் குடும்பத்தைப் பேசின் பிரிட்ஜில் குடிவைத்துப் பார்ப்போம். சரக்கு ஏற்றி இறக்கும் கணவர், வீட்டு வேலைக்குச் செல்லும் மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரு பிள்ளைகள். இது கணக்குக்காக அமைத்துக்கொண்ட குடும்பம். ஆனால், வரி விகிதங்கள் உண்மையானவை.

வாடகை 5,000 ரூபாய். குடியிருப்பு வாடகைக்கு வரி இல்லை. ரேஷனில் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. போதாத அரிசிக்குக் கடையில் பத்து கிலோ, 600 ரூபாய்; நிறுத்து வாங்குவதால் வரி இல்லை. காய்கறி, காசிமேட்டு மீன், முட்டை, பால் ஆகியவற்றுக்கு 4,500 ரூபாய். இவற்றுக்கும் வரி இல்லை.

எண்ணெய், சர்க்கரை, தேயிலை, மசாலாப் பொடி, பாக்கெட் தயிர், சமையல் எரிவாயு, குளியல் சோப்பு, பற்பசை ஆகியவற்றுக்கு 3,150 ரூபாய். இவை எல்லாம் இன்று 5 சதவீத அடுக்கில் உள்ளன; இந்தத் தொகைக்குள் வரி 150 ரூபாய். இரண்டு கைப்பேசிகளுக்கு ரீசார்ஜ், சலவைத் தூள், இன்னும் சில சாமான்கள் சேர்த்து 1,180 ரூபாய். இவை 18 சதவீத அடுக்கு. வரி 180 ரூபாய். தெருவோரத் தேநீர்க் கடையிலும் சிறு உணவுக் கடையிலும் 1,500 ரூபாய். பதிவு வரம்புக்குள் வராத சிறு கடைகள் வரி போடுவதில்லை. வண்டிக்குப் பெட்ரோல் 1,500 ரூபாய். மீதி சுமார் 2,500 ரூபாய் மின்கட்டணம், பேருந்து, பள்ளி, மருத்துவம், வட்டி என்று போகிறது.

கூட்டிப் பார்த்தால், இந்தக் குடும்பம் ரசீதில் தெரியும்படி செலுத்தும் சரக்கு மற்றும் சேவை வரி 330 ரூபாய். வருமானத்தில் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். அரிசிக்கும் காய்க்கும் மீனுக்கும் பாலுக்கும் 5 சதவீதம் விதித்திருந்தால் கூடுதலாக 255 ரூபாய் போயிருக்கும். உணவு விலக்கு உண்மையாகவே வேலை செய்கிறது. அது இல்லையென்றால் வரிச்சுமை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகியிருக்கும்.

ஆனால், இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய வேறு இரண்டு எண்கள் இருக்கின்றன. முதலாவது பெட்ரோல். அது சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வராதது. அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மத்திய, மாநில வரிகள்தான். 1,500 ரூபாய்க்கு எரிபொருள் நிரப்பும் குடும்பம் அதில் மட்டும் 500 ரூபாய்க்கு மேல் வரி செலுத்திவிடுகிறது; மற்ற எல்லாப் பொருள்களுக்கும் செலுத்திய 330 ரூபாயைவிட இது அதிகம். கணவருக்குக் குடிப்பழக்கம் இருந்தால், டாஸ்மாக் வழியே செல்லும் தொகை இவை இரண்டையும் எளிதில் மிஞ்சிவிடும்.

இரண்டாவது, ரேஷன் அரிசி. கடை விலையில் பார்த்தால் 20 கிலோவின் மதிப்பு 1,200 ரூபாய். தரம் குறைவு என்று பாதியாக மதிப்பிட்டால்கூட 600 ரூபாய். வரி விலக்கு மிச்சப்படுத்திய 255 ரூபாயைப்போல் அது இரண்டு மடங்குக்கும் மேல். ஏழையின் சோற்றுப்பானையை இந்த மாநிலத்தில் உண்மையில் காப்பது வரிச்சட்டத்தின் விலக்குப் பட்டியல் அல்ல, நியாயவிலைக் கடை. விலக்குப் பட்டியல் அதற்குத் துணை நிற்கிறது.

சோப்பும் ரீசார்ஜும்

2025 செப்டம்பர் 22 முதல் வரி அடுக்குகள் பெரும்பாலும் 5, 18 என இரண்டாகக் குறைக்கப்பட்டன. குளியல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. பொட்டலப் பனீருக்கும் சப்பாத்தி, பரோட்டாவுக்கும் வரி முழுவதும் நீங்கியது. ஏழைக் குடும்பம் உணவுக்கு அடுத்தபடியாக வாங்குவது எதை என்று இதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். தாமதமாகவேனும் கேட்டது நல்லது.

வரி குறைந்தால் விலை எவ்வளவு குறைய வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். 18 சதவீத வரி உட்பட 38 ரூபாய்க்கு விற்ற சோப்பின் அடிப்படை விலை, 38-ஐ 1.18-ஆல் வகுத்தால் 32 ரூபாய் 20 காசு. அதோடு 5 சதவீதம் சேர்த்தால் 33 ரூபாய் 81 காசு. ஆகவே, நான்கு ரூபாய்க்கு மேல் குறைய வேண்டும். குறையவில்லையென்றால், வரிக் குறைப்பு வாங்குபவரை வந்தடையவில்லை என்று பொருள்.

ஐந்து ரூபாய் பிஸ்கட்டிலும் இரண்டு ரூபாய் ஷாம்புவிலும் இந்தக் கணக்கு ஓடாது. சில்லறைக் காசு புழங்காத சந்தையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் நாலு ரூபாய் நாற்பத்தைந்து காசு ஆவதில்லை. நிறுவனம் நேர்மையாக நடந்தால் உள்ளே கிராம் கூடும். இல்லையென்றால் எதுவும் கூடாது. எழுத்துக்கள் நுண்ணியதாய் அச்சிடப்பட்ட உறையில் எடையை ஒப்பிட்டுப் பார்க்கும் அவகாசம், சிறு பொட்டலம் வாங்குபவருக்குத்தான் மிகக் குறைவு. மிகை லாபம் குறித்துப் புகார் அளிக்க 2017-இல் ஏற்படுத்தப்பட்ட சட்ட வழி, 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிய புகார்களுக்கு மூடப்பட்டுவிட்ட நிலையில்தான் இந்த வரிக் குறைப்பு வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கைப்பேசி ரீசார்ஜ் மட்டும் 18 சதவீதத்திலேயே நிற்கிறது. 299 ரூபாய் ரீசார்ஜில் 45 ரூபாய் 61 காசு வரி. வேலைக்கு அழைப்பு வருவதும், பள்ளிச் செய்தி வருவதும், பணப் பரிமாற்றம் நடப்பதும் அந்தக் கருவியில்தான். மாதம் 20,000 ஈட்டுபவரும் 2 லட்சம் ஈட்டுபவரும் அதே 299-ஐத்தான் செலுத்துகிறார்கள். உப்பின் இயல்பு இன்று எதற்காவது இருக்குமானால், அது இதற்குத்தான்.

மாற்று வழி உண்டா?

விலக்கே கூடாது, எல்லாவற்றுக்கும் வரி வாங்கி, அந்தப் பணத்தை ஏழைகளுக்கு நேரடியாகக் கொடுப்பதே மேல் என்று பொருளியலாளர் பலர் சொல்வார்கள். சிங்கப்பூர் அந்த வழியில் செல்கிறது. அங்கே அரிசிக்கும் விலக்கு இல்லை. 2024 முதல் 9 சதவீதம். பதிலாக, குறைந்த வருமானம் உள்ளோருக்கு வரி ஈட்டுத்தொகையைப் பணமாகவும் கட்டணச் சலுகையாகவும் அரசு வழங்குகிறது.

நம் இரு குடும்பக் கணக்கில் அதைப் பொருத்திப் பாருங்கள். உணவுக்கும் வரி வாங்கிவிட்டு, அந்த 2,700 ரூபாயை இரு குடும்பங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு 1,350. ஏழைக் குடும்பத்தின் நிகர வரி 650 ரூபாயாகிறது, வருமானத்தில் 3.25 சதவீதம். வசதியான குடும்பத்துக்கு 7,650 ரூபாய், சுமார் 3.8 சதவீதம். சுமை தலைகீழாகிவிடுகிறது, விலக்கால் முடியாததை இந்த முறை சாதித்துவிடுகிறது.

காகிதத்தில் இது வெல்லும். ஆனால், அது ஒரு நிபந்தனையின்மீது நிற்கிறது: பணம் ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு ஏழைக்கும் தவறாமல் சென்று சேர வேண்டும். வடசென்னையின் ஆலைகளிலும் கட்டுமானங்களிலும் உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர், வாடகை வீடு மாறும்போதெல்லாம் முகவரி இழக்கும் குடும்பம், கைரேகை தேய்ந்த சுமைத்தொழிலாளர் ஆகியோர் பட்டியலிலிருந்து விடுபட்டால், அவர்கள் சோற்றுக்கு வரியும் செலுத்தி, ஈடும் பெறாமல் நிற்பார்கள். வரி விலக்குக்கு விண்ணப்பம் வேண்டாம், அட்டை வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம். கடைக்குச் செல்லும் எவருக்கும் அது கிடைக்கும். அந்த எளிமைக்காகவே, வசதியானவருக்குச் செல்லும் 1,800 ரூபாயை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால், விலக்கை விடுவதல்ல, அதைச் செம்மையாக்குவதே செய்ய வேண்டியது. அதற்கான முன்மாதிரி நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உப்புக்கு இன்று வரி இல்லை. சாக்கில் வந்தாலும், முத்திரையிட்ட ஒரு கிலோ பையில் வந்தாலும் உப்பு உப்புதான்; உறையைப் பார்த்துச் சட்டம் மனம் மாறுவதில்லை. பாக்கெட் பாலுக்கும் அப்படியே. 2025-இல் பொட்டலப் பனீருக்கும் அந்த நீதி கிடைத்துவிட்டது.

பனீருக்குக் கிடைத்தது அரிசிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் தயிருக்கும் கிடைக்காமல் போவதற்கு என்ன நியாயம்? பொட்டலத்தின் எடையைக் கொண்டு வரி விதிப்பதை விடுத்து, பொருளைக் கொண்டு விலக்கு அளிக்கலாம். எல்லாப் பொட்டலத்துக்கும் விலக்குத் தர வருவாய் இடம்கொடாது என்றால், குறைந்தபட்சம் ஐந்து கிலோ வரையுள்ள சிறு பைகளுக்காவது விலக்கு அளிக்கலாம். இன்றைய விதி, பெரிய மூட்டையை விடுவித்துச் சிறிய பையைப் பிடிக்கிறது. அது தலைகீழாக இருக்க வேண்டியது.

சால்ட் கொட்டார்ஸில் இன்று உப்பு மூட்டைகளுக்கு வரி குறிக்கும் அதிகாரி இல்லை. அந்த வரி நீங்கியதற்குக் காரணம், தொகை சிறிதென்றாலும் அது யார் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்று ஒரு தலைமுறை விடாமல் கேட்டதுதான். ஒரு கிலோ அரிசிப் பையின் 3 ரூபாயும் சிறிய தொகைதான். அது யாருடைய 3 ரூபாய் என்று வரி மன்றம் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.